மூன்று பக்க பயோடேட்டாவை அரை நிமிடத்தில் சொல்வது எப்படி?

கேள்வி: எங்கள் கல்லூரியில் தென்னை விவசாயிகளுக்காக ஒரு நாள் கருத்தரங்கம் நடக்கிறது. வெள்ளை ஈ பற்றிப் பேச வரும் பேராசிரியரை நான்தான் அறிமுகம் செய்ய வேண்டும். அவர் மூன்று பக்கத்துக்கு பயோடேட்டா அனுப்பியிருக்கிறார், இத்துடன் இணைத்திருக்கிறேன். முப்பது வினாடிக்கு மேல் போகக்கூடாது என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டார். எதை விடுவது, எதை வைப்பது? விட்டால் கோபித்துக்கொள்வாரோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் முப்பது வினாடி என்றால் எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். மேடையில் நிதானமாகத் தமிழ் பேசினால் எனக்கு நிமிடத்துக்கு 95 முதல் 100 சொல் வரை வருகிறது. பல வருடமாகக் கடிகாரம் வைத்துப் பார்த்த கணக்கு இது. ஆக, உங்கள் கையில் இருப்பது ஐம்பது சொல்லுக்கும் கொஞ்சம் குறைவு. ஆங்கிலத்தில் இதே நேரத்துக்கு எழுபது சொல் சொல்லலாம். நம் சொற்கள் நீளம், விகுதியெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். ஆங்கில அறிமுகத்தை அப்படியே தமிழாக்கினால் நேரம் தாண்டிப்போவது இதனால்தான்.

சொல்லை எண்ணும்போது ஒரு ஏமாற்று உண்டு. தாளில் '1998' என்பது நான்கு இலக்கம். வாயில் அது 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு', மூன்று வினாடி போய்விடும். பட்டங்களும் அப்படித்தான். எம்.எஸ்சி., எம்.ஃபில்., பிஎச்.டி. என்று புள்ளி புள்ளியாகச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு முழு வாக்கியத்தின் இடம் காலி. 'தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம்' போன்ற பெயர்களைக் கேட்கவே வேண்டாம். அதனால் எண்ணுவதோடு நிற்காமல், எழுந்து நின்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மனதுக்குள் படித்தால் எப்போதும் வேகமாகத்தான் ஓடும்.

சரி, எதை வைப்பது? அவருடைய பயோடேட்டாவை ஓரமாக வைத்துவிட்டு, அவர் பேசப்போகும் தலைப்பை ஒரு தாளின் மேலே எழுதுங்கள். 'தென்னையில் வெள்ளை ஈ: மருந்து அடிக்கலாமா?' அதன் கீழே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தோப்புக்காரர் மனதில் என்ன ஓடும் என்று எழுதுங்கள். 'இவர் சொல்வதைக் கேட்டு நான் மருந்து அடிப்பதை நிறுத்தினால் என் மரம் பிழைக்குமா? இவருக்கு இதில் என்ன அனுபவம்?' இப்போது பயோடேட்டாவின் ஒவ்வொரு வரியையும் எடுத்து, அந்தக் கேள்விக்கு இது பதில் சொல்கிறதா என்று மட்டும் பாருங்கள். எவ்வளவு பெரிய பெருமையானாலும், சொல்லவில்லை என்றால் அந்த வரிக்கு அறிமுகத்தில் வேலை இல்லை.

நீங்கள் அனுப்பியதை அப்படிப் பார்த்தேன். முதல் பக்கம் முழுக்கப் படிப்பு. 'முனைவர்' என்று பெயருக்கு முன்னால் ஒரு சொல் சொன்னால் அதற்குக் கீழே உள்ள பட்டங்கள் எல்லாம் அதில் அடங்கிவிட்டன. அடுத்து, 23 ஆண்டுப் பணி அனுபவம். இது மொத்தப் பணிக்காலம், இந்தப் பூச்சியோடு கழிந்த காலம் இல்லை. ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் பதிவானதே 2016-ல், பொள்ளாச்சிப் பக்கம்தான். ஆகவே யாராக இருந்தாலும் நம் நாட்டுத் தோப்புகளில் இந்தப் பூச்சியைப் பார்த்த அனுபவம் அதற்கு முன்னால் போக முடியாது. கேட்கிற விவசாயிக்கும் அந்த வருடம் நினைவிருக்கும், அவர் தோப்பில் ஓலை கறுத்த காலம் அது. இருபத்துமூன்று என்ற பெரிய எண்ணைவிட, 'பூச்சி வந்த நாளிலிருந்து' என்பதுதான் அவர் காதில் ஏறும்.

64 ஆய்வுக் கட்டுரை, மூன்று புத்தகம், பதினொரு பேருக்கு முனைவர் பட்ட வழிகாட்டி. விவசாயிக்கு இவற்றால் ஒன்றும் தெரியப்போவதில்லை. ஐந்து விருதுகளில் ஒன்றுகூட இந்த வேலைக்காகக் கொடுத்தது இல்லை. இருந்திருந்தால் அந்த ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன். நான்கு நாட்டுப் பயணம், ஏழு குழுவில் உறுப்பினர் எல்லாம் அப்படியே போகட்டும்.

உண்மையான சரக்கு இரண்டாம் பக்கத்தில், நடுவில், ஒரு திட்டத்தின் பெயருக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. விவசாயிகளின் தோப்பிலேயே எட்டு ஆண்டு, என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவியை விட்டுச் சோதனை செய்திருக்கிறார். அந்தச் சின்னக் குளவி வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கொன்றுவிடும். கண்டபடி மருந்து அடித்தால் ஈயோடு சேர்ந்து இந்தக் குளவியும் செத்துப்போகும். அதைத்தான் அவர் பேசப்போகிறார். அதனால் நீங்கள் இதை விளக்க வேண்டாம், அவர் பேச்சை நீங்களே பேசியதாக ஆகிவிடும். அந்த வேலையைச் செய்தவர் இவர் என்பதை மட்டும் சொன்னால் போதும். பயோடேட்டாக்களில் பெரும்பாலும் இப்படித்தான். பதவியும் விருதும் தடித்த எழுத்தில் மேலே இருக்கும், செய்த வேலை எங்கேயாவது நடுவில் கிடக்கும்.

மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியை நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. மஞ்சள் ஒட்டும் பொறி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றுக்கு அவர் ஆலோசகர். விருதுகளை வெட்டச் சொல்லும் நான் இதை வைக்கச் சொல்வேன். வெள்ளை ஈக்குப் பொறி கட்டுங்கள் என்று அவர் சொல்லலாம், அது சரியான யோசனையும்கூட. ஆனால் அந்தப் பொறியை விற்கிற இடத்தோடு அவருக்குத் தொடர்பு உண்டு என்பது, காசு கொடுத்து வாங்கப்போகிறவருக்கு முதலிலேயே தெரிய வேண்டும். மருத்துவ மாநாடுகளில் பேச்சாளரே முதல் ஸ்லைடில் இப்படிப்பட்ட தொடர்புகளைக் காட்டிவிடும் வழக்கம் இருக்கிறது. இவரும் அப்படிக் காட்டுவதாகச் சொன்னால் நீங்கள் விட்டுவிடலாம். இல்லையென்றால் குத்திக்காட்டும் தொனி இல்லாமல், மற்ற விவரங்களோடு ஒன்றாக ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். முன்கூட்டியே அவரிடம் காட்டிவிட்டுத்தான்.

இப்படி எழுதிப் பார்த்தேன். பெயர் வரும் இடத்தில் இன்னார் என்று போட்டிருக்கிறேன்:

"பொள்ளாச்சித் தோப்புகளில் சுருள் வெள்ளை ஈ தலைகாட்டிய நாளிலிருந்து அதன் பின்னாலேயே அலைந்தவர் நம் அடுத்த பேச்சாளர். மருந்து அடிக்காமல், ஒட்டுண்ணிக் குளவியை வைத்தே அதை அடக்க முடியுமா என்று உழவர்களின் தோப்பிலேயே எட்டு ஆண்டுகள் சோதித்துப் பார்த்தவர். பூச்சியியல் பேராசிரியர். மஞ்சள் ஒட்டும் பொறி தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு ஆலோசகராகவும் இருக்கிறார். 'தென்னையில் வெள்ளை ஈ: மருந்து அடிக்கலாமா?' என்ற தலைப்பில் பேச வருகிறார் முனைவர் இன்னார்."

ஐம்பது சொல்லுக்குள் வந்துவிட்டது. நான் படித்தபோது 29 வினாடி. உங்களுக்கு 34 வந்தால் வேகமாகப் படித்துச் சரிக்கட்டாதீர்கள். 'உழவர்களின் தோப்பிலேயே எட்டு ஆண்டுகள்' என்ற துண்டைத் தொடாமல், வேறு எங்காவது ஒரு துண்டை எடுத்துவிடுங்கள். இதே மனிதர் பூச்சியியல் ஆய்வாளர்கள் கூடும் அரங்கில் பேசினால் தோப்புக் கதையைச் சுருக்கி, 64 கட்டுரைகளில் வெள்ளை ஈ பற்றியவை எத்தனை என்று கேட்டு அதைச் சொல்வேன். அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் சந்தேகம் வேறு.

பெயரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பெயர் விழுந்ததும் கைதட்டல் வரும், அவர் எழுந்து வருவார். முதலிலேயே பெயரைச் சொல்லிவிட்டால் அவர் பாதி எழுந்து, நீங்கள் இன்னும் பேசுவதைப் பார்த்து மறுபடி உட்காருவார். வாக்கியங்களைத் துண்டு துண்டாக வெட்டியிருப்பதும் வேண்டுமென்றேதான். தமிழில் 'படித்து, பணியாற்றி, ஆராய்ந்து, விருது பெற்று' என்று ஒரே வாக்கியத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போகலாம். கேட்கிறவர் மூன்றாவது எச்சத்தில் விட்டுவிடுவார்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். நம் மேடைகளில் அறிமுகத்தின் தலையில் இரண்டு வேலை கட்டியிருக்கிறோம். இவர் ஏன் இதைப் பேசத் தகுதியானவர் என்று சொல்வது ஒன்று, மரியாதை செய்வது இன்னொன்று. மரியாதைக்குப் பொன்னாடை இருக்கிறது, அழைப்பிதழ் இருக்கிறது, கருத்தரங்க மலர் இருக்கிறது. மூன்று பக்கத்தையும் மலரில் முழுதாக அச்சிடுங்கள், ஒரு வரி குறையாமல். இரண்டு நாள் முன்னதாக அவருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: "ஐயா, நீங்கள் பேசும் நேரம் குறையக் கூடாது என்பதற்காக எல்லா அறிமுகங்களையும் அரை நிமிடத்தில் முடிக்கிறோம். உங்கள் முழு விவரமும் மலரில் வருகிறது. மேடையில் படிக்கப்போவது கீழே இருக்கிறது, பிழை இருந்தால் திருத்தித் தாருங்கள்."

'பிழை இருந்தால்' என்றுதான் கேட்க வேண்டும். 'ஏதாவது சேர்க்க வேண்டுமா' என்று கேட்டால் கட்டாயம் சேர்ப்பார்கள். இந்தச் சரிபார்ப்பை விட்டுவிட்டு நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். இணையத்தில் கிடைத்த பழைய குறிப்பைப் பார்த்து 'தற்போதைய இயக்குநர்' என்று ஒருவரை அறிமுகம் செய்தேன். அவர் ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது, தற்போதைய இயக்குநர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

வரவேற்புரை சொல்பவரிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். பெரும்பாலும் அவர் கையிலும் இதே பயோடேட்டா போயிருக்கும், உங்களுக்கு முன்னால் அவர் பட்டங்களை எல்லாம் வாசித்து முடித்திருப்பார். 'மேடையில் வீற்றிருக்கும்' என்று தொடங்கும் விளிப்பையும் அவரிடமே விட்டுவிடுங்கள். ஒவ்வொருவராக விளித்தால் உங்கள் முப்பது வினாடி அங்கேயே தீர்ந்துவிடும். ஒரு வணக்கம் போதும். 'அறிமுகம் தேவையில்லாதவர்' என்ற வரியும் வேண்டாம். அந்த அரங்கில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது.

வாசகத்தை ஒரே அட்டையில் பெரிய எழுத்தில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். எண்களை எழுத்தால் எழுதுங்கள். அவர் பெயரின் முதலெழுத்தைத் தமிழில் சொல்வதா ஆங்கிலத்தில் சொல்வதா என்று அவரிடமே கேட்டு, அட்டையில் அப்படியே குறித்துவிடுங்கள்.