மைத்துனருக்காக பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: எட்டு ஆண்டுகள் ஜவுளிக் கடையில் 18,000 ரூபாய் சம்பளத்தில் இருந்தேன். இப்போது உணவு டெலிவரியில் மாதம் 34,000 வருகிறது. நிறுவனம் 1% வரி பிடிக்கிறது. பழைய பி.எஃப். பணம் சும்மாதானே கிடக்கிறது, கடை அட்வான்ஸுக்குக் கொடுங்கள் என்று மைத்துனர் நெருக்குகிறார். கொடுக்கட்டுமா?
- வாசகர், கோவை

பதில்: வேண்டாம். வருமானம் இரட்டிப்பானதாக நீங்களும் மைத்துனரும் நம்புவதுதான் சிக்கலே. கடையில் உங்கள் பி.எஃப். கணக்குக்கு முதலாளி மாதம் 1,800 ரூபாய், இ.எஸ்.ஐ.க்கு 585 ரூபாய் செலுத்தியிருப்பார். ஆகவே அந்த வேலையின் மதிப்பு ஏறத்தாழ 20,400. இப்போதைய 34,000 சம்பளமன்று, தொழில் வரவு. பெட்ரோலுக்கு 8,000, டயர், சர்வீஸ், வண்டித் தேய்மானம் ஆகியவற்றுக்கு 3,500 என்று வைத்தால் மிஞ்சுவது 22,500. இரண்டாயிரம் ரூபாய் கூடுதல், அவ்வளவே. குடும்பத்துக்கு இருந்த இ.எஸ்.ஐ. மருத்துவமும் போய்விட்டது.

சட்டத்தின் பார்வையில் நீங்கள் ஊழியர் அல்லர் என்பதால், சம்பளக்காரருக்கான 75,000 ரூபாய் நிலைக்கழிவு உங்களுக்குக் கிடையாது. செலவுகளைக் கழித்து லாபத்துக்கு மட்டும் வரி கணக்கிடலாம். 2025-26க்கான புதிய முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. உங்கள் லாபமோ 2.7 லட்சம்தான். பிடித்த வரி, ஆண்டுக்குச் சுமார் 4,080 ரூபாய், ஐ.டி.ஆர்.-4 தாக்கல் செய்தால்தான் திரும்பி வரும். வரவில் 6 விழுக்காட்டை லாபமாகக் காட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது குறைந்தபட்ச அளவு, உண்மை லாபம் அதைவிடக் கூடுதலாயின் அதையே காட்டுங்கள்.

பி.எஃப்.புக்கு வருவோம். முதலாளியின் பங்கில் மாதம் சுமார் 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போயிருக்கும். பத்து ஆண்டுப் பணி நிறைந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. எட்டு ஆண்டில் அந்தப் பணத்தையும் எடுத்துவிட்டால் சேர்ந்த பணிக்காலம் அழிந்து, மறுபடி பி.எஃப். உள்ள வேலைக்குப் போனாலும் முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கும். மாறாக 10சி படிவம் கொடுத்துத் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்தால், பின்னாளில் இரண்டே ஆண்டுகள் போதும்.

சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி டெலிவரி நிறுவனங்கள் தொழிலாளர் நலனுக்காக ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை செலுத்த வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அது பொது நிதிக்குப் போகும் பணம், பி.எஃப். போல உங்கள் பெயரில் சேராது. ஆகவே முன்பு இருவர் பங்காகப் போன 3,600 ரூபாயை இனி நீங்களே மாதாமாதம் பி.பி.எஃப். கணக்கில் போடுங்கள், குடும்ப மருத்துவக் காப்பீட்டைத் தனியாக எடுங்கள். காப்பீடும் முதலீடும் ஒன்றாகக் கலந்த பாலிசியை எவரேனும் நீட்டினால் வாங்காதீர்கள். செயலியில் உடனடிக் கடன் வாங்கி மைத்துனருக்குக் கொடுக்கும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். உங்களைப் போலச் செயலி வழியாக வேலை செய்வோருக்கான தமிழ்நாடு கிக் தொழிலாளர் நல வாரியத்தில் இன்னும் பதியவில்லையெனில், இந்த வாரமே பதிந்துவிடுங்கள்.