தமிழில் எழுதிய பர்சனல் ஸ்டேட்மென்ட்டை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது: கேள்வி பதில்

நாகை மாவட்ட மாணவி, சிவில் இன்ஜினியரிங்: அக்கா, பிரிட்டனில் நிலத்தடி நீர் பற்றிய முதுகலைக்கு விண்ணப்பிக்கிறேன். தமிழில் எழுதியது இது: "சிறு வயதிலிருந்தே தண்ணீர்ப் பிரச்சினையைப் பார்த்து வளர்ந்தவள் நான். வைகாசி வந்தாலே எங்கள் தெருக் கிணறு உப்புக் கரிக்கும். பருப்பு வேகும் நேரத்தை வைத்தே எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று அம்மா சொல்லிவிடுவார். இறுதியாண்டில் 9 கிணறுகளில் மாதா மாதம் உப்பளவு அளக்கப்பட்டது. கடல்நீர் உட்புகுந்ததே காரணம் என்று கண்டறியப்பட்டது. என்னால் இயன்ற சேவையைச் செய்வதே என் லட்சியம்." ஆங்கிலத்தில் மாற்றினால் அசட்டுத்தனமாக இருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: தமிழிலேயே கொஞ்சம் தப்பு இருக்கிறது, ஆனால் நல்ல சரக்கும் அதிலேயே இருக்கிறது. எங்கள் துறையில் முதுகலை விண்ணப்பங்களைப் படிக்கும் வேலையைச் சில காலம் செய்தவள் என்பதால், படிப்பவரின் கண் எங்கே நிற்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

"சிறு வயதிலிருந்தே" என்ற தொடக்கம் கட்டுக்கட்டாக வரும். அதை எடுத்துவிடுங்கள். கடைசி வரியும் வேண்டாம். பருப்பு வரிதான் முதல் வரி. கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பை மெத்தென்று வேகவிடாது. உங்கள் அம்மா அடுப்படியில் செய்தது ஒரு கடினத்தன்மைச் சோதனை, அதைப் படிக்கும் நீரியல்காரர் சட்டென்று நிமிர்ந்து உட்காருவார். ஆங்கிலத்தில் இப்படி எழுதலாம்: "பை மே, மை மதர் குட் டெல் விச் வெல் தி வாட்டர் கேம் ஃப்ரம் பை ஹவ் லாங் தி தால் டுக்." அவ்வளவுதான். பின்னால் "இது என்னை ஆழமாகப் பாதித்தது" என்று ஒட்டாதீர்கள். உங்கள் தமிழில் அந்த ஒட்டு இல்லை, ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் எல்லோருக்கும் அது தேவைப்படுகிறது.

அப்புறம் "அளக்கப்பட்டது". யார் அளந்தது? எந்த மீட்டர்? என்ன எண் வந்தது? அதைச் சொல்லுங்கள், மேலே போகலாம்.

அதே மாணவி: நானும் ஒரு வகுப்புத் தோழியும்தான் அக்கா. மீட்டர் கல்லூரி லேபில் இரவல் வாங்கியது. ஓராண்டு அளந்தோம். எங்கள் தெருக் கிணற்றில் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பளவு, லிட்டருக்கு மில்லிகிராமில் மே மாதம் 2,600, ஜனவரியில் 900. ஆனால் கடலுக்கு மிக அருகில் உள்ள 2 கிணறுகள் அவ்வளவு ஏறவே இல்லை. உள்ளே தள்ளி, இறால் பண்ணைக்குப் பக்கத்தில் இருந்த கிணறு ஏறியது. அதைச் சேர்த்தால் ப்ராஜெக்ட் சொதப்பல் போலத் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

பதில்: நீங்கள் விட்டதுதான் இந்தக் கடிதத்தின் நடுப்பகுதி.

முதலில் அளந்த வரியை எழுதிவிடுவோம்: "வித் எ கிளாஸ்மேட் அண்ட் எ பாரோட் மீட்டர், ஐ மெஷர்ட் நைன் வெல்ஸ் எவ்ரி மந்த் ஃபார் எ இயர்." இதில் பெருமை பேசும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் தைரியமாக நிற்கிறது, ஏனென்றால் செய்தவர், கருவி, அளவு, காலம் நான்கும் இருக்கின்றன. அடுத்த வரியில் 900, 2,600 இரண்டையும் போடுங்கள். வேறு நீர் கிடைக்காத ஊருக்குக்கூட இந்தியக் குடிநீர்த் தரம் அனுமதிக்கும் உச்சம் லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் என்று அதே மூச்சில் சொன்னால், அந்த எண் வெளிநாட்டுக்காரருக்கும் புரியும்.

இப்போது "கடல்நீர் உட்புகுந்ததே காரணம் என்று கண்டறியப்பட்டது". இதை அப்படியே ஆங்கிலமாக்கினால், துறை தெரிந்தவர் இங்கேதான் உங்களைப் பிடிப்பார். பென் மீட்டர் உப்பு எவ்வளவு என்று சொல்லும். அது கடலிலிருந்து வந்ததா, இறால் குளத்திலிருந்து கசிந்ததா, மண்ணில் ஏற்கெனவே கிடந்ததா என்று சொல்லாது. அதற்கு குளோரைடு, புரோமைடு விகிதம் பார்க்க வேண்டும், சில இடங்களில் ஐசோடோப்பும் வேண்டும். குளத்து நீரே கடலிலிருந்து வந்ததென்றால் அந்த விகிதம் மட்டும் போதாமல்கூடப் போகும். உங்கள் கணக்கில் கடலோரக் கிணறு ஏறவில்லை, பண்ணையோரக் கிணறு ஏறுகிறது. ஒரே காரணம் என்று முடித்துவிட முடியாது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கிறது.

ஆகவே அந்த வரியைத் தமிழிலேயே திருத்துங்கள்: "கடலை ஒட்டிய 2 கிணறுகள் ஏறவில்லை. பண்ணைக்குப் பக்கத்தில் இருந்தது ஏறியது. உப்பு எங்கிருந்து வந்தது என்று என் மீட்டர் சொல்லாது." இது உங்கள் குரல். ஆங்கிலத்தில் மூன்றாவது வாக்கியம்: "மை மீட்டர் குட் நாட் டெல் மீ வேர் தி சால்ட் கேம் ஃப்ரம்." உடனே அடுத்த பத்தி தானாக வரும்: நீர் வேதியியல் பாடம் ஏன் வேண்டும், அந்தத் துறையின் ஆய்வகத்தில் எதை அளக்க விரும்புகிறீர்கள் என்று. "உலகத்தரம் வாய்ந்த கல்வி" என்ற வரி அப்போது தேவைப்படாது.

சென்னை மென்பொருள் பொறியாளர்: அறிவியல் துறைக்கு பேசிவ் வாய்ஸ்தானே முறை? ஒவ்வொரு வரியிலும் "ஐ" வந்தால் தற்பெருமையாகத் தெரியும். என்னுடையதில் ஒரு "ஐ"கூட இல்லை. அமெரிக்காவில் இடமும் கிடைத்தது.

பதில்: ஆய்வுக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் பேசிவ் இன்னும் நிறைய வரும், அது சரி. இந்தக் கடிதத்தில் கேள்வியே "நீ என்ன செய்தாய்" என்பதுதான், அங்கே ஆளை மறைத்தால் பதிலே மறைந்துவிடும். உங்களுக்கு இடம் கிடைத்ததற்கு மதிப்பெண்ணும் சிபாரிசுக் கடிதங்களும் காரணமாக இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது.

ஆனால் நீங்கள் சொல்வதில் பாதி எனக்கும் உடன்பாடு. தமிழில் வினையிலேயே ஆள் ஒட்டியிருப்பதால் "நான்" சொல்லாமலே "அளந்தேன்" என்று போய்விடலாம். ஆங்கிலத்தில் ஒவ்வொரு தடவையும் "ஐ" வந்து முன்னால் நிற்கும். தொடர்ந்து மூன்று வாக்கியம் அப்படித் தொடங்கினால் காதில் இடிக்கும். பேசிவ்வுக்கு ஓடாமல் எழுவாயை மாற்றிப் பாருங்கள். ஒரு வாக்கியத்தில் அம்மா, ஒன்றில் கிணறு, ஒன்றில் மீட்டர். தோழியும் சேர்ந்து செய்த இடத்தில் "வி" போடுங்கள், நேர்மையாகவும் இருக்கும்.

யாழ்ப்பாணம், உயர்தர மாணவன்: அக்கா, நான் பிரிட்டனின் பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் வழியாக இளங்கலை பார்மசிக்குப் போடுறன். தமிழில் ஒரே கட்டுரையாக 4,000 எழுத்துக்குள் எழுதிவிட்டேன். இப்ப மூன்று கேள்வி என்கிறார்கள். எப்படிப் பிரிப்பது?

பதில்: 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகள்தான். ஏன் இந்தப் படிப்பு, உங்கள் கல்வி எப்படித் தயார்படுத்தியது, கல்விக்கு வெளியே என்ன செய்தீர்கள், அது ஏன் பயன்படும். இடைவெளியும் சேர்த்து மொத்தம் 4,000 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. தமிழில் எண்ணியதை மறந்துவிடுங்கள் தம்பி. கணினி உயிர்மெய்யைப் பல இடங்களில் இரண்டாக எண்ணும், ஆங்கிலத்தில் நீளமும் வேறாக வரும். ஆங்கிலம் ஆன பிறகு எண்ணினால் போதும்.

பிரிக்கும்போது கட்டுரையை மூன்றாக நறுக்காதீர்கள். ஒவ்வொரு சம்பவத்தையும் எடுத்து, இது எந்தக் கேள்விக்குப் பதில் என்று பாருங்கள். எதற்கும் பொருந்தாதது அலங்காரம். மருந்துக் கடையில் நின்று கவனித்தது போன்றவை மூன்றாவதில் வரும், ஆனால் பார்த்த பிறகு எதைத் தேடிப் படித்தீர்கள் என்பது இரண்டாவதுக்குப் போகலாம். ஒரே ஸ்டேட்மென்ட் நீங்கள் தேர்வு செய்த எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் போகும், எனவே ஒன்றின் பெயரைச் சொல்லிப் புகழாதீர்கள். நாகை மாணவிக்கு இது பொருந்தாது. பிரிட்டனில் முதுகலைக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கே நேராக விண்ணப்பிப்பார்கள், அங்கே அந்தத் துறைக்கென்றே எழுத வேண்டும்.

ஒரு தந்தை, திருச்சி: மேடம், பையனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ்.-ல் 7 வந்திருக்கிறது. அது போதாதா? கன்சல்டன்சியில் எழுதித் தருகிறார்கள், அதையே அனுப்பிவிடலாமா?

பதில்: 7 நல்ல மதிப்பெண், படிப்புக்குப் போதுமா என்பது அந்தந்தத் துறையின் பக்கத்தில் இருக்கும். ஆனால் சார், அது ஆங்கிலம் தெரியும் என்று காட்டும், இந்தக் கடிதத்தின் வேலை வேறு. எழுதித் தருவதில் இரண்டு சிக்கல். ஒரே வாசகம் பலருக்கும் போகும், யூகாஸ் ஒற்றுமை பார்க்கும் மென்பொருளை வைத்திருக்கிறது, சிக்கினால் பல்கலைக்கழகத்துக்குத் தகவல் போய்விடும். அதைவிட, விசா கட்டத்திலோ அதற்கு முன்போ "ஏன் இந்தப் படிப்பு" என்று நேரில் கேட்பது உண்டு. அப்போது பையன் பேசுவதும் காகிதத்தில் இருப்பதும் வேறு ஆளாக இருக்கக் கூடாது. பையனைத் தமிழிலேயே உங்களிடம் சொல்லச் சொல்லி, அதைப் போனில் பதிவு செய்யுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

மதுரை மாணவி, விவசாயம்: எங்கள் ஆங்கில ஆசிரியர் திருத்திக் கொடுத்தார். எல்லா வரியிலும் "பேஷனேட்", "ப்ரொஃபவுண்ட்லி", "எவர் சின்ஸ்". என் கதையையே காணோம். சமையலறை விஷயம் தொழில்முறையாக இல்லை என்று வெட்டிவிட்டார். அவர் சொல்வதும் சரியோ?

பதில்: இலக்கணத் திருத்தங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சேர்த்த ஒவ்வொரு வரியையும் மறுபடி தமிழில் உரக்கச் சொல்லிப் பாருங்கள். "நான் மிகுந்த வேட்கையுடன்" என்று அம்மாவிடம் பேசும்போது சொல்வீர்களா? மாட்டீர்கள் என்றால் அந்த வரி உங்களுடையது இல்லை. வெட்டினால் அர்த்தம் குறைகிறதா என்றும் பாருங்கள், "ப்ரொஃபவுண்ட்லி" போனால் ஒன்றும் குறையாது. இன்னொரு பக்கமும் கவனியுங்கள். "சிறு முயற்சி", "ஓரளவு", "என்னால் இயன்ற" என்று தமிழில் நாம் பணிவுக்காகப் போடுவது ஆங்கிலத்தில் "சரியாகச் செய்யவில்லை" என்றே படிக்கப்படும். அவற்றையும் எடுத்துவிடுங்கள்.

சமையலறை விஷயத்தில் என் கருத்து ஒன்று, மற்றவர் கருத்து வேறாக இருக்கலாம். என்னோடு விண்ணப்பம் படித்த ஒருவருக்கு எந்தக் குடும்பக் கதையும் பிடிக்காது, நேராகப் பாடத்துக்கு வா என்பார். ஜெர்மனியில் கேட்கும் மோட்டிவேஷன் லெட்டருக்கும் நான் அதையே சொல்வேன். அதனால் ஒரே ஒரு வாக்கியம், அதுவும் துறைக்குள் கொண்டுபோகிற வாக்கியமாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வரி எது என்று எழுதவில்லையே. அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

நாகை மாணவி: அக்கா, கடைசிப் பத்தியில் ஊருக்குத் திரும்பி வருவேன் என்று கட்டாயம் எழுத வேண்டுமா?

பதில்: கட்டாயம் இல்லை. ஸ்காலர்ஷிப் விண்ணப்பமாக இருந்தால் சிலவற்றில் அதையே கேட்பார்கள், அப்போது எழுதுங்கள். இங்கே, எந்தக் கிணறுகளை மறுபடி எதனால் அளக்கப் போகிறீர்கள் என்று ஒரு வரி போதும்.