மூன்று, மூன்று, மூன்று, பிறகு ஒன்பது

அன்புள்ள ஐயா,

நான் குருநகர், மேசன் வேலை. நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு கட்டுகிறோம். பன்னிரண்டு மணிக்குப் போனில் கோயில் மணி அடிக்க வைத்து, திரிகால செபம் சொல்லுகிறோம். மணி அரை நிமிசத்தில் நின்றுவிடும்; நாங்கள் இரண்டாம் வசனத்தில்தான் நிற்போம். அதனால் எல்லோரும் ஓடி ஓடிச் சொல்லுகிறோம். சாரத்தில் நிற்கிறவனும் முழங்காலில் இருக்க வேண்டுமா? வேலை செய்துகொண்டே சொன்னால் குற்றமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சாரத்தில் முழங்காலில் இருக்கவே கூடாது. விழுந்து காலை முறிக்கச் சொல்லி எந்தத் திருச்சபையும் கேட்கவில்லை. தகுந்த காரணத்தால் முழங்காலில் நிற்க முடியாதவருக்கும், மணி கேட்காத தூரத்தில் இருப்பவருக்கும் 1884இலேயே பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ விலக்குக் கொடுத்துவிட்டார். மூன்றாம் வசனத்தில் தலையை வணங்கினால் போதும். ஞாயிற்றுக்கிழமையில் எல்லோரும் நின்றுதான் சொல்லுவது பழைய வழக்கம். பாஸ்கா காலத்தில் இந்தச் செபமே இல்லை. அதற்குப் பதிலாக ‘விண்ணக அரசியே’ சொல்லுகிறோம், அதுவும் நின்றபடி. இதோடு உமது கேள்வியை முடித்துவிடலாம்.

எனக்குக் கோபம் வருவது உமது மணியில். அது திரிகால மணியே இல்லை. நீர் இறக்கி வைத்திருப்பது திருநாளில் ஆட்டி அடிக்கும் மணி. அதைக் கேட்டு ஓடினால் செபம் ஓட்டமாகத்தான் முடியும். ஒலிபெருக்கியில் பதிவைப் போடும் கோயில்களிலும் இதே பிழைதான். சனங்களுக்கு விசுவாசம் குறைந்துபோச்சு என்று பிரசங்கம் வைப்பதற்கு முன்னால், மணி எப்படி அடிக்கிறது என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள்!

மணியின் கணக்கு இதுதான். மூன்று அடி. நிறுத்தம். மூன்று அடி. நிறுத்தம். மூன்று அடி. நிறுத்தம். பிறகு ஒன்பது அடி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு வசனமும் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’யும் அடங்க வேண்டும். ‘ஆண்டவரின் தூதர் மரியாவுக்குத் தூதுரைத்தார்’ என்று ஒருவர் தொடங்க, மற்றவர்கள் ‘அவரும் தூய ஆவியால் கருத்தரித்தார்’ என்று முடிப்பதற்கு ஏழெட்டு வினாடி. அருள் நிறைந்த மரியேயை மூச்சு வாங்கிச் சொன்னால் பதினைந்து, இருபது வினாடி. ஆக, நிறுத்தம் ஒன்றுக்கு இருபத்தைந்து வினாடிக்குக் குறையக் கூடாது. இரண்டாம் நிறுத்தம் ‘இதோ ஆண்டவரின் அடிமை’ என்பதற்கு, மூன்றாவது ‘வாக்கு மனிதர் ஆனார்’ என்பதற்கு. கடைசி ஒன்பது அடியை மூன்று வினாடிக்கு ஒன்றாக அடித்தால் அரை நிமிசம் ஆகும். ‘செபிப்போமாக’ சொல்லி முடிக்க அது சரியான அளவு. எல்லாம் சேர்த்து இரண்டு நிமிசத்துக்குச் சற்று மேலே. செபத்தின் அளவை மணிதான் கொடுக்கிறது. தொலைவில் தனியே வேலை செய்கிறவனும் ஊரோடு ஒரே வசனத்தில் நிற்பது அதனால்தான்.

இது எங்கே பிழைக்கிறது? முழு மணியையும் ஆட்டி அடிக்கும்போது. மணி ஆடத் தொடங்கினால் உடனே நிற்காது. மூன்று அடித்துக் கயிற்றை விட்டாலும் நாலாவது, ஐந்தாவது அடி மெல்லியதாக விழும். வெளியே நின்று கேட்டால் அந்த மெலிந்த அடியே காட்டிக் கொடுத்துவிடும். திரிகாலத்துக்கு மணியை ஆட்டாமல், அதன் நாக்கில் கட்டிய கயிற்றைத்தான் இழுக்க வேண்டும்: ஓர் இழுப்பு, ஓர் அடி, நாதம் கொஞ்சம் அடங்கியதும் அடுத்தது. மோட்டர் பூட்டிய மணியிலும் இதே வில்லங்கம். ஆட்டுகிற மோட்டரால் மூன்றோடு நிறுத்த முடியாது. அடிப்பதற்குத் தனிச் சுத்தியல் வேண்டும். அது இருந்தால் அடிக்கும் எண்ணிக்கையையும் இடைவெளியையும் கருவியில் குறித்துவிடலாம். கரண்ட் போய் வந்த பிறகு அதன் மணிக்கூட்டை ஒருவர் சரிபார்க்க வேண்டும், இல்லையென்றால் மத்தியானச் செபம் ஒரு மணிக்குக் கேட்கும்.

இனி உமது வேலைத்தலம். போன் நேரத்தை மட்டும் சொல்லட்டும், ஒரு சிறு ஒலி போதும். நிறுத்தத்தை வசனம் தொடங்குகிறவர் பிடிக்க வேண்டும்: அருள் நிறைந்த மரியே முடிந்து எல்லோரும் ஒரு மூச்சு விட்ட பிறகே அடுத்த வசனம். நாலு பேரில் நிதானமாகப் பேசுகிறவரை அதற்கு வையும். சாரத்தில் நிற்கிறவர் சாந்தகப்பையை வைத்துவிட்டு, ஒரு கையால் கம்பைப் பிடித்தபடி நிற்கட்டும். சீமெந்துக் கலவை கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதேயும்; அது இறுகத் தொடங்கவே அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். ஆனால் கயிற்றில் கலவை வாளி ஏறிக்கொண்டிருந்தால் அதை மேலே எடுத்து வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவசரமாக மூன்று வசனம் சொல்லுவதைவிட, அரை நிமிசம் பிந்தி நிதானமாகச் சொல்லுவது எவ்வளவோ மேல்.

உமது பங்குக் கோயிலில் சுத்தியல் பூட்டிய மணி இருந்தால் பாதரிடம் நேரே கேளும்: நிறுத்தம் எத்தனை வினாடிக்கு வைத்திருக்கிறது என்று. பத்து என்று சொன்னால், இருபத்தைந்தாக்கச் சொல்லும்.