11.15 வரை ‘சும்மா’

*எனக்கு 39 வயது. கோவையில் கணக்கு வேலை. மகளின் பள்ளி வேனுக்காக 5.45-க்கு எழுந்தே ஆகவேண்டும். ஆனால் தூங்க 12.30 ஆகிவிடுகிறது. போனில் 10.30-க்கு ஒரு நினைவூட்டல் வைத்திருக்கிறேன். “இன்று எத்தனை மணிக்குத் தூங்கப் போகிறாய்?” என்று கேட்கும். தினமும் 10.45 என்று பதில் போடுகிறேன், ஒருநாளும் நடப்பதில்லை. மஞ்சள் வெளிச்சம், கறுப்பு வெள்ளைத் திரை எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டேன். 9.15-க்குச் சாப்பாடு முடியும். மனைவி சமையலறையை ஒதுக்கிவிட்டு வர 11.15 ஆகும், அதுவரை சும்மா போன் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா ஊரில் தனியாக இருப்பதால் போனை அணைத்து வைக்கவும் முடியாது. வேறு நல்ல ஆப் ஏதாவது உண்டா அம்மா?*

ஆப் இருக்கட்டும் தம்பி. அந்த 11.15-ஐ முதலில் பார்ப்போம். வயது, வேன், மஞ்சள் வெளிச்சம் எல்லாம் சொல்லிவிட்டு, நடுவில் ஒரே வரியில் அதைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். 9.15-க்கு இரண்டு பேரும் சேர்ந்துதானே சாப்பிட்டு எழுந்தீர்கள்? அதற்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு மணி நேர வேலை, இன்னொருவருக்கு இரண்டு மணி நேரச் ‘சும்மா’. உங்கள் தூக்கம் கெடுவது 12.30-க்கு அல்ல. 9.15-க்கே கெட்டுவிட்டது.

2014-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் பழக்கத்துக்கு ‘படுக்கையைத் தள்ளிப்போடுதல்’ என்று பெயர் வைத்தார்கள். வெளியே தடை எதுவும் இல்லாதபோதும், படுக்க நினைத்த நேரத்தில் படுக்காமல் போவது என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். ‘வெளியே தடை எதுவும் இல்லாதபோதும்’ என்பதை இன்னொரு முறை படியுங்கள். உங்களுக்கு அது பொருந்தும். உங்கள் மனைவிக்குப் பொருந்தாது. அவருக்குத் தொட்டி நிறையப் பாத்திரம் கிடக்கிறது, காலை டிபனுக்கு மாவு கரைக்க வேண்டும், காய் நறுக்க வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு பேரும் தாமதமாகத்தான் படுக்கிறீர்கள். ஒருவருக்கு அது பழக்கம், மற்றவருக்கு அது வேலை.

மஞ்சள் வெளிச்சத்தை வைத்தும் பலன் இல்லை என்கிறீர்கள். இருக்காதுதான். 2015-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 12 பேரைப் பிரகாசமான திரையில் படுக்கைக்கு முன் நான்கு மணி நேரம் வாசிக்க வைத்தார்கள். அச்சுப் புத்தகம் வாசித்த இரவுகளோடு ஒப்பிட்டால், தூக்கம் வரச் சராசரியாகப் பத்து நிமிடம்தான் கூடுதலாக ஆனது. நீங்கள் இழப்பது பத்து நிமிடம் அல்ல, ஒன்றே முக்கால் மணி நேரம். அது திரையின் நிறத்தால் வரும் இழப்பு இல்லை. ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது, எழுந்து போக உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. கறுப்பு வெள்ளைத் திரை ஓரளவு உதவும். ஆனால் நாளடைவில் கண் அதற்கும் பழகிவிடலாம்.

இனி உங்கள் நினைவூட்டல் கேட்கும் கேள்விக்கு வருவோம். அதில் மூன்று கோளாறு இருக்கிறது.

முதலாவது, அது போனிலேயே கேட்கிறது. பதில் போட போனைக் கையில் எடுக்க வேண்டும். 10.45 என்று தட்டிய கட்டைவிரல் அடுத்து எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். திரையை அணைக்கச் சொல்லும் நினைவூட்டலே திரையைத் திறந்துவிடுகிறது.

இரண்டாவது, தூங்கும் நேரத்தைக் கேட்கிறது. தூக்கம் நம் கையில் இல்லை, விளக்கின் சுவிட்ச் நம் கையில் இருக்கிறது. தூக்க மருத்துவர்கள் எழுதச் சொல்லும் நாட்குறிப்பில் ‘எத்தனை மணிக்குப் படுக்கைக்குப் போனீர்கள்’ என்பது ஒரு கேள்வி, ‘எத்தனை மணிக்குத் தூங்க முயன்றீர்கள்’ என்பது தனிக் கேள்வி. படுத்துக்கொண்டே போன் பார்ப்பவருக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் இருக்கும். நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது இரண்டாவது கேள்வி. அதை வீட்டு மொழியில் இப்படிக் கேளுங்கள்: “இன்றைக்கு நம் வீட்டில் விளக்கு எத்தனை மணிக்கு அணையும்?” ‘நம் வீட்டில்’ என்று வந்தாலே, சமையலறை விளக்கையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

மூன்றாவது, கேட்கும் நேரமே தப்பு. கணக்கு வேலை செய்பவர், இந்தக் கணக்கைப் பாருங்கள். வயது வந்தவருக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். 5.45-இலிருந்து பின்னோக்கிப் போனால் 10.45-க்குத் தூங்கியிருக்க வேண்டும். படுத்துத் தூக்கம் வர 20 நிமிடம் வைத்தால் விளக்கு 10.25-க்கு அணைய வேண்டும். அதற்கு அரை மணி முன்னால், அதாவது 9.55-க்கு, திரை அணைய வேண்டும். உங்கள் நினைவூட்டல் 10.30-க்குத்தான் வருகிறது. விளக்கு அணைந்திருக்க வேண்டிய நேரத்துக்கு ஐந்து நிமிடம் கழித்து!

இது உடம்பின் கணக்கு. வீட்டுக் கணக்கு வேறு. சமையலறையில் ஒருவருக்கு 9.20 முதல் 11.15 வரை வேலை இருந்தால், இரண்டு பேர் செய்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடியும். காயைச் சாயங்காலம் மகள் வீட்டுப்பாடம் எழுதும்போதே நறுக்கிவைத்தால் இன்னும் பத்து நிமிடம் குறையும். 9.20-க்கு இரண்டு பேரும் தொடங்கினால் 10.10-க்கு வேலை முடியும். பல் துலக்கி, கதவு பூட்டி, கேஸை மூடிப் படுக்க 10.25 ஆகும். இரண்டு கணக்கில் எது முன்னால் வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் திரை அணையும் நேரம் 9.20. டிவிக்கும் அதே நேரம்தான்.

செய்யவேண்டியதைச் சொல்கிறேன். அந்த நினைவூட்டலை அழித்துவிடுங்கள். கடிகார ஆப்பில் 9.20-க்கு அலாரம் வைத்து, அதன் பெயராக மேலே சொன்ன கேள்வியை எழுதுங்கள். நோட்டிபிகேஷன் என்றால் ஒரே இழுப்பில் தள்ளிவிடலாம். அலாரம் நிறுத்தும்வரை அலறும். போனைக் கூடத்தில் டிவிக்குப் பக்கத்துப் பிளக்கில் செருகி வைத்துவிட வேண்டும், படுக்கையறைக்கு அது வரவே கூடாது. காலையில் எழ அலாரம் வேண்டுமே என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். பேட்டரி போடும் மேசைக் கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிலைப் போனில் எழுதாதீர்கள். சுவரில் தினசரி காலண்டர் தொங்கும் அல்லவா? ஒரு பென்சிலை நூலில் கட்டி அதிலேயே தொங்கவிடுங்கள். இரவு 9.20-க்கு அன்றைய தாளின் ஓரத்தில், விளக்கு அணைய வேண்டிய நேரத்தை எழுதுங்கள். மறுநாள் காலை தாளைக் கிழிக்குமுன் உண்மையில் அணைந்த நேரத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். கிழித்த தாள்களை எறியாமல் ஒரு கிளிப்பில் சேர்த்து வையுங்கள். 14 தாள் சேர்ந்ததும் விரித்துப் பாருங்கள். இரண்டு எண்களுக்கும் நடுவில் 15 நிமிடத்துக்குள் வித்தியாசம் இருந்தால் போதும். தினமும் ஒரு மணி நேரம் இடித்தால், தாமதமான இரவுகளில் சமையலறையில் என்ன மிச்சம் இருந்தது, போன் எங்கே இருந்தது என்ற இரண்டை மட்டும் தேடுங்கள். அநேகமாக அதற்கு மேல் காரணம் இருக்காது.

முதல் நாளே 10.25 என்று எழுதிவிடாதீர்கள். 12.30-க்குப் பழகிய உடம்பு 10.25-க்குப் படுத்தால் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அரை மணி பார்த்துவிட்டு நீங்கள் எழுந்து கூடத்துக்குப் போனைத் தேடிப் போவீர்கள். அதனால் முதல் நான்கு நாள் 11.15, அடுத்த நான்கு நாள் 10.50, பிறகு 10.25. திரை அணையும் 9.20 மட்டும் முதல் நாளிலிருந்தே மாறாது. நடுவில் மிஞ்சும் நேரத்தில் மகளின் யூனிஃபார்மை இஸ்திரி போடலாம், செய்தித்தாள் படிக்கலாம், மனைவியோடு பேசலாம். ஞாயிற்றுக்கிழமை 9 மணி வரை தூங்கினால் அன்றிரவு தூக்கம் வராமல் திங்கட்கிழமை மறுபடி 12.30-இல் வந்து நிற்பீர்கள். ஞாயிறென்றால் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

அம்மா விஷயத்தில் உங்கள் கவலை நியாயம். ஊரில் தனியாக இருக்கும் தாய் கூப்பிட்டால் மணி அடித்தே ஆகவேண்டும். ஆனால் அதற்காகப் போன் தலையணைக்குக் கீழே கிடக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டில் Settings உள்ளே Digital Wellbeing, அதில் Bedtime mode இருக்கும். சில போன்களில் பெயரோ இடமோ சற்று மாறும். 9.20 முதல் 5.45 வரை நேரம் குறித்து, Do Not Disturb-ஐயும் அதிலேயே இயக்குங்கள். பிறகு தொடர்புப் பட்டியலில் அம்மாவின் எண்ணுக்கும் அவருடைய பக்கத்து வீட்டு எண்ணுக்கும் நட்சத்திரம் போட்டு, நட்சத்திர எண்களின் அழைப்பு மட்டும் வரட்டும் என்று அனுமதி கொடுங்கள். ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை வரும் அழைப்பையும் அனுமதிக்க வசதி உண்டு, அதையும் போடுங்கள். மணிச் சத்தம் முழு அளவில் இருக்கட்டும். ஒரு நாள் இரவு 10 மணிக்கு அம்மாவைக் கூப்பிடச் சொல்லி, படுக்கையறையில் கேட்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். Bedtime mode-இல் அரை மணிக்கு நிறுத்திவைக்கும் பொத்தான் ஒன்று வரும். போன் கூடத்தில் இருந்தால் அந்தப் பொத்தானால் ஆபத்தில்லை. இன்னொன்றும் கேட்கிறேன்: அம்மாவுக்காக இரவெல்லாம் போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்களே, சாயங்காலம் 7 மணிக்கு நீங்களாக அவரைக் கூப்பிட்டுப் பேசுவதுண்டா? கடிதத்தில் அது இல்லை.

விளக்கைச் சரியான நேரத்தில் அணைத்தும், வாரத்தில் மூன்று நாளாவது தூக்கம் வராமல் மாதக்கணக்கில் புரண்டுகொண்டிருந்தாலோ, உரத்த குறட்டையோடு பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொருகினாலோ, மருத்துவரைப் பாருங்கள். அதைக் காலண்டர் தாள் தீர்க்காது.

நாளை இரவு அலாரம் அடித்ததும் பென்சிலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போங்கள். விளக்கு எத்தனை மணிக்கு அணையும் என்று மனைவியிடம் கேளுங்கள். 11.15 என்றால் வாதாடாமல் அதையே எழுதிவிட்டு, பாத்திரத் தொட்டிப் பக்கம் நில்லுங்கள். கையில் சோப்பு நுரை இருக்கும்வரை போனைத் தொடவும் முடியாது.