மெத்தைக்குப் பெயர் வைக்கிறீர்களா? கேளுங்கள்

அண்ணா, போடியில் அப்பா காலத்திலிருந்து இலவம்பஞ்சு மெத்தை தைக்கிறோம். இனி ஃபோம் மெத்தையும் போடப்போகிறோம். 'சுகநித்திரை' என்று வைக்கலாமா?

காதுக்கு இனிமைதான் தம்பி, ஆனால் உனக்கென்று சொந்தமாகாது. பொருளின் குணத்தை அப்படியே சொல்கிற பெயரை 1999 வர்த்தகக் குறிச் சட்டத்தின் 9ஆம் பிரிவைக் காட்டி நிறுத்திவிடுவார்கள். எதிர்க்கடைக்காரர் 'சுகநித்ரா' என்று பலகை மாட்டினாலும் நீ தடுப்பது கஷ்டம். 'இலவம்' என்று வைத்து அதை ஃபோம் மெத்தையில் ஒட்டினால் இன்னும் மோசம், வாங்குகிறவரை ஏமாற்றும் பெயர் ஆகிவிடும்.

மெத்தை, தூக்கம், சுகம் மூன்றையும் விட்டுவிட்டு யோசி. படுத்துச் சுகப்பட்ட முதல் இடம் அம்மா மடி. பல தலைமுறை நிற்பது ஆலமரம். 'ஆல்மடி'. சொல்லிப் பார்: ல், ம இரண்டும் வழுக்கிக்கொண்டு போகின்றன, 'டி'யில் நாக்கு தட்டி நிற்கிறது. உட்கார்ந்தால் அமுங்கி, அடியில் தாங்குகிற மெத்தை மாதிரி. முழுக்க மெல்லினமாக வைத்தால் பெயர் தலையணையாகிவிடும்; உழைக்கும் என்ற எண்ணம் வர ஒரு வல்லினமாவது வேண்டும்.

அப்படியென்றால் 'ஸ்லீப்வெல்' மட்டும் எப்படி சார்? நேரடிப் பெயர்தானே?

பாதி சரி. நேரடிப் பெயரும் நீண்ட நாள் புழங்கி, கேட்டதும் அந்த நிறுவனமே நினைவுக்கு வருகிற நிலைக்கு வந்துவிட்டால் சட்டம் ஏற்கும். அதற்குப் பல வருட விளம்பரச் செலவு வேண்டும். புதிதாக வருகிறவர்கள் 'டியூரோஃப்ளெக்ஸ்' வழியைப் பார்க்கலாம்: முன்பாதி உழைப்பையும் பின்பாதி வளைந்துகொடுப்பதையும் காட்டுகிறது, மெத்தை என்று எங்கும் சொல்லவில்லை.

மடிதல் என்றால் சாவதுதானே? படுக்கையில் போய் அதையா எழுதுவது?

அக்கா, நியாயமான கேள்வி, நான் யோசிக்கவில்லை. வினையாக வந்தால்தான் அந்தப் பொருள், ஆலோடு சேரும்போது மடிதான் முந்தும் என்று எனக்குப் படுகிறது. ஆனால் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தால் விட்டுவிட வேண்டியதுதான். எனக்கு வேறொரு பயம்: ஆங்கிலத்தில் எழுதினால் வடக்கே 'அல்மாரி' என்று படிப்பார்கள். தம்பி, போனில் ஐந்து பேரிடம் ஒரே ஒருமுறை பெயரைச் சொல்லி எழுதி அனுப்பச் சொல். இரண்டு பேர் தப்பாக எழுதினாலே வேறு பெயர் தேடு.

எனக்கு முதுகுவலி. எந்த மெத்தை நல்லது?

ஐயா, நான் பெயர் வைக்கிற ஆள். மருத்துவரைக் கேளுங்கள்.

கம்பெனிப் பெயராகப் பதிந்துவிட்டேன். அது போதாதா?

போதாது. அது கம்பெனிக்கு மட்டும். மெத்தைமேல் வரும் பெயருக்குத் தனியாக வர்த்தகக் குறி விண்ணப்பம் போட வேண்டும், அதில் பொருள்களை எண் போட்ட வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். மெத்தையும் மரச்சாமானும் 20ஆம் வகுப்பில் வரும், படுக்கை விரிப்பு 24இல். முதலில் வர்த்தகக் குறிகளைப் பதியும் அரசு அலுவலகத்தின் ipindia தளத்தில் 20ஆம் வகுப்பில் தேடுங்கள். எழுத்தை மட்டும் பார்க்காமல் ஒலி ஒத்த பெயர்களையும் பாருங்கள், மறுப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.