மஸ்டரில் ஏறாத பெயர்

கேள்வி: எனக்கு 31 வயது. சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் தினக்கூலி 500 ரூபாய்க்கு வேலை பார்க்கிறேன். பி.எஃப், இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். இப்போது ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் வேலைக்கு 900 ரூபாய் தருவதாகக் கூப்பிடுகிறார்கள். ஆலையில் அந்த ரூமை உள்குத்தகைக்கு எடுத்தவர் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிடுவார். ஆலையின் வருகைப் பதிவேடான மஸ்டரில் பெயர் ஏறாதாம், அது பரவாயில்லை. இரண்டு பெண் பிள்ளைகள், கொஞ்சம் கடனும் இருக்கிறது. போகலாமா?

பதில்:

தம்பி, "அது பரவாயில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, யாரைக் கேட்டு எழுதினீர்கள்? உங்கள் மனைவியைக் கேட்டீர்களா?

அந்த 400 ரூபாய் எதற்காகக் கூடுதலாக வருகிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். அதே ஆலையில் லேபிள் ஒட்டுகிறவருக்கும் பெட்டி கட்டுகிறவருக்கும் அந்தக் கூலி கிடைப்பதில்லை. பெட்டி கட்டும் கூலிக்கு மருந்து ரூமுக்குள் யாரும் வரமாட்டார்கள் என்பது முதலாளிக்குத் தெரியும். ஆள் சம்மதிக்கும் வரை கூலியை ஏற்றியாக வேண்டும். ஆபத்தான வேலைக்கும் அருவருப்பான வேலைக்கும் இப்படித்தான் விலை ஏறும் என்று 1776-லேயே ஆடம் ஸ்மித் எழுதிவிட்டார். எந்த வேலையையும்விட வெறுக்கத்தக்கது தூக்கிலிடும் வேலை, செய்யும் வேலையின் அளவுக்கு அதில்தான் கூலி அதிகம் என்பது அவர் காட்டிய உதாரணம்.

ஆனால் இந்தக் கணக்கு, வேறு வேலைக்குப் போக வழி உள்ளவனுக்குத்தான் பலிக்கும். சாக்கடைக்குள் இறங்குகிறவருக்கு ஆபத்தும் உண்டு, அருவருப்பும் உண்டு. கூலி ஏன் ஏறவில்லை? சாதி அவருக்கு வேறு கதவைத் திறந்துவிடவில்லை, அதனால்தான். உங்களுக்குக் கையில் ஒரு வேலை இருக்கிறது. பேரம் பேசும் இடத்தில் நிற்கிறீர்கள். அப்படியிருந்தும் பேரத்தில் பெரிய பொருளை இனாமாக விட்டுக் கொடுக்கிறீர்கள்.

சரி, கணக்கைப் பாருங்கள். அச்சகத்தில் 26 நாளுக்கு 13,000. பட்டாசில் 26 நாளும் வேலை இருக்கும் என்று நினைக்காதீர்கள். மழை பெய்தால் காயவைக்க முடியாது, தீபாவளி முடிந்தால் கொஞ்ச நாள் ஆலையே ஓடாது. வருடம் முழுக்கச் சராசரியாக மாதம் 20 நாள் என்று வைத்தால் 18,000. வித்தியாசம் 5,000. அச்சக முதலாளி உங்கள் பி.எஃப்-பில் தன் பங்காகப் போடும் 12 சதவீதம், அதாவது 1,560 ரூபாய், இனி வராது. மிச்சம் ஏறக்குறைய 3,400. உயிருக்கு நீங்கள் வாங்கும் மாத விலை அவ்வளவுதான்.

இதில் இ.எஸ்.ஐ-யை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. அச்சகத்தில் வேலை செய்யும்போது விபத்தில் உங்கள் உயிருக்கு ஏதாவது ஆனால், கூலியில் சுமார் 90 சதவீதம் மாதாமாதம் குடும்பத்துக்கு வரும். 13,000-க்கு அது 11,700 ரூபாய். மறுமணம் செய்யாதவரை மனைவிக்கு ஆயுள் முழுக்கப் பங்கு உண்டு, பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. மஸ்டரில் பெயர் இல்லையென்றால், நீங்கள் அங்கே வேலை பார்த்தீர்கள் என்பதையே உங்கள் மனைவிதான் நிரூபிக்க வேண்டும். குத்தகைக்காரர் அன்றைக்கே ஊரில் இருக்கமாட்டார். இரண்டு பெண்களைப் பெற்றவன் தன் உயிரைத் தனியாக விலை பேசக்கூடாது. அதில் அந்த மூன்று பேருக்கும் பங்கு இருக்கிறது.

இன்னொன்று. உள்குத்தகை என்றால் ஆபத்தின் அளவே மாறிவிடும். ரூமைக் குத்தகைக்கு எடுத்தவருக்குக் குறுகிய நாளில் உருப்படி எண்ணிக்கை ஏறினால்தான் லாபம். அதனால் நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு பேர் உட்காருவார்கள், ரூமில் இடமில்லாமல் மரத்தடியிலும் வேலை நடக்கும். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்து, மிஞ்சியதை அன்றே அப்புறப்படுத்த வேண்டும். அவசரத்தில் மிச்ச மருந்து ராத்திரி தங்கிவிடும். அலுமினியப் பவுடரும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் ஈரம் ஏறினால் யாரும் தொடாமலே சூடாகிப் பற்றிக்கொள்ளும். சல்லடையில் வேகமாகத் தேய்த்தாலும் போதும். 2012-இல் முதலிப்பட்டியில் ஒரே நாளில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்ததை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

மருந்துக் கூலி உயர்வாக இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. ஆபத்தைக் குறைத்தால் கூலியையும் குறைக்கலாம் என்பதால், பாதுகாப்புக்குச் செலவு செய்ய முதலாளிக்கே ஆசை வரும். பெயரில்லாமல் ரொக்கத்துக்கு ஆள் கிடைக்கும்போது அந்த ஆசை எதற்கு வரப்போகிறது? உங்களைப் போல "பரவாயில்லை" என்று போகிற ஒவ்வொருவரும் பக்கத்து ரூமில் மஸ்டரில் இருக்கிறவரின் கூலியையும் பாதுகாப்பையும் சேர்த்தே இறக்குகிறீர்கள்.

கடனைச் சொன்னீர்கள், எவ்வளவு என்று சொல்லவில்லை. மாதம் 3,400-இல் அடையக்கூடிய கடன் என்றால், அச்சகத்தில் ஓவர்டைம் கேட்டும் அடைக்கலாம்.

போயே தீர வேண்டும் என்றால், குத்தகைக்காரரிடம் பேசாதீர்கள். உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவரைப் பாருங்கள். மனைவியையும் கூட்டிப் போங்கள். மஸ்டரில் பெயர், இ.எஸ்.ஐ. எண், ரூமில் எத்தனை பேர், மிச்ச மருந்தை எங்கே அழிக்கிறார்கள், ஃபோர்மேன் யார், இவ்வளவையும் மனைவி எதிரிலேயே கேளுங்கள். மழுப்பினால் மறுநாள் காலை அச்சகத்துக்கே போய்ச் சேருங்கள்.