சமான சுற்றில் வெறுஞ்சுமை மின்னோட்டம் ஏன் மிகுகிறது?

"2 kVA, 230/115 V மின்மாற்றி. திறந்த சுற்று (115 V பக்கம்): 115 V, 0.6 A, 30 W. குறுக்குச் சுற்று (230 V பக்கம்): 11 V, 8.7 A, 60 W. 230 V கொடுத்துக் கணக்கிட்டால் வெறுஞ்சுமை மின்னோட்டம் 1.2 A வருகிறது, அளந்ததோ 0.6 A."

உங்கள் அளவீடுகளில் பிழை எதுவும் தெரியவில்லை. இரு சோதனைகளும் வெவ்வேறு பக்கங்களில் செய்யப்பட்டிருக்க, அவற்றின் விடைகளை மாற்றாமல் ஒரே சுற்றில் சேர்த்திருக்கிறீர்கள். திறந்த சுற்றுச் சோதனை தரும் Rc = 115²/30 = 441 Ω, Xm = 213 Ω ஆகிய இரண்டும் 115 V பக்கத்துக்கே உரியவை. கம்பிச்சுருள்களின் சுற்று எண்ணிக்கை விகிதம் 2 என்பதால், 230 V பக்கத்துக்கு மாற்ற இவற்றை அதன் வர்க்கமான 4 ஆல் பெருக்க வேண்டும்: Rc ≈ 1763 Ω, Xm ≈ 851 Ω. குறுக்குச் சுற்றுச் சோதனையின் R = 60/8.7² = 0.79 Ω, X ≈ 0.99 Ω ஏற்கெனவே அந்தப் பக்கத்தில்தான் உள்ளன, அவற்றைத் தொட வேண்டாம். இப்போது வெறுஞ்சுமை மின்னோட்டம் 0.3 A ஆகும். 230 V பக்கத்துக்கு மாற்றும்போது மின்னோட்டம் பாதியாவதால், 115 V பக்கத்தில் அளந்த 0.6 A இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. இழப்பும் 230²/1763 = 30 W என மாறாமல் வருவதால், மாற்றம் சரியா என்பதை இதைக்கொண்டே சரிபார்க்கலாம்.